ஒரு ஸ்வெட்டர்

"சார், ஸ்வெட்டர்கூட வாங்கிட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. வெளியே கோத்தகிரி முழுக்க மூடுபனி.

மேட்டுப்பாளையத்துப் பெண். அடுத்த 1ஆம் தேதி எங்களிடம் சேர வேண்டியவர். நேற்று மாலைதான் பட்ஜெட்டைக் குறைத்தார்கள், அந்த இடமே போய்விட்டது.

மெயில் மட்டும் அனுப்பினால் போதும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டவன் நான், சொல்ல வேண்டியவனும் நான்தான்.

"மன்னிச்சிடும்மா. உன் மேல எந்தக் குறையும் இல்ல" என்றேன். அப்புறம் முதலில் கேட்டது, "ராஜினாமா கொடுத்துட்டியா?"

திங்கட்கிழமை கொடுத்திருக்கிறார். நோட்டீஸ் காலம் இன்னும் ஓடுகிறது. ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வரவில்லை.

"அப்போ இன்னைக்கே திரும்பப் பெறுறதா எழுத்துல கொடு. போன்ல சொல்லாத, மெயில் போடு. வேற ஆளை எடுத்துட்டாங்கன்னா கஷ்டம்."

நிதி இல்லாததால்தான் ஆஃபரைத் திரும்பப் பெறுகிறோம், தேர்வில் முதலிடம் அவருக்கே என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். அடுத்த இன்டர்வியூவில் யாரும் சந்தேகமாகப் பார்க்கக் கூடாது. குன்னூரில் இரண்டு நண்பர்களிடமும் பேசியிருக்கிறேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "மேனேஜர் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கார் சார்."

நாளை காலை மறுபடி பேச வேண்டும்.