ஆர்க்கிடெக்டுக்கும் காண்ட்ராக்டருக்கும் ஒரே கடிதம் அனுப்பிய கதை

எங்களுடையது ஆத்தங்குடி கல் பட்டறை, தரையில் பதிக்கிற சிமென்ட் கல்லைக் கையால் செய்கிற இடம். அப்பா காலத்தில் வீடு கட்டுகிறவர்கள் நேரே வண்டி எடுத்து வந்து, தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் கல்லைப் பார்த்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது அப்படி வருகிறவர்கள் குறைவு. தரைக்கு என்ன போடுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட், இல்லாவிட்டால் வீட்டைக் கட்டிக்கொடுக்கிற காண்ட்ராக்டர். அதனால் இவர்களைப் பிடித்தால்தான் வேலை வரும் என்று முடிவு செய்து, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் பக்கம் ஒரு நாற்பது பேருக்கு ஒரே மாதிரி கடிதம் அனுப்பினேன். "உங்கள் வாடிக்கையாளருக்கு எங்கள் கல்லைப் பரிந்துரை செய்தால் 15 சதவீதம் தள்ளுபடி." அவ்வளவுதான் கடிதம். எழுதி முடித்தபோது ரொம்பத் தெளிவாக எழுதிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை ஓட்டை இருந்தது என்பது ஒவ்வொருவராகக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

முதலில் கூப்பிட்டவர் ஒரு ஆர்க்கிடெக்ட் மேடம். "சார், இந்த 15 சதவீதம் யாருக்கு? எனக்கா, வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டார். நான் சமாளிக்கிற மாதிரி, "உங்களுக்குத்தான் மேடம், நீங்க எப்படி வேணும்னாலும் வச்சுக்கலாம்" என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு விளக்கினார். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் 1989 நடத்தை விதிகளில், வாடிக்கையாளரையோ வேலையையோ கொண்டுவருவதற்காகத் தள்ளுபடி, கமிஷன், பரிசு எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று இருக்கிறதாம். விதி ஒருபக்கம் இருக்கட்டும், "எனக்கு ஃபீஸ் கொடுக்கிறது வீட்டுக்காரர், நான் உங்ககிட்ட பணம் வாங்கிட்டு உங்க கல்லைச் சொன்னா நான் யாருக்கு வேலை பார்க்கிறேன்?" என்றார். எல்லா ஆர்க்கிடெக்டும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. "எவ்வளவு, எப்போ, ரொக்கமா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த மேடம் மாதிரி கேட்கிறவர்களுக்கு என் கடிதம் ஒரு லஞ்சக் கடிதம் மாதிரி படுகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த மேடம் இன்னொன்றும் சொன்னார். தள்ளுபடியை வீட்டுக்காரர் பெயரில் போடுகிற பில்லிலேயே காட்டிவிட்டால் அவருக்கு ஆட்சேபணை இல்லை, "என் மூலமா வந்ததால உங்களுக்கு இவ்வளவு குறைஞ்சது"ன்னு அவர் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. ஆக ஆர்க்கிடெக்டுக்கு நான் கொடுக்க வேண்டியது பணம் இல்லை, அவர் வாடிக்கையாளரிடம் அவருக்குக் கிடைக்கிற நல்ல பெயர்.

அடுத்தது காண்ட்ராக்டர். இங்கே சிக்கல் வேறு. ஒரு காண்ட்ராக்டர் அண்ணன் 1,400 சதுர அடிக்கு ஆர்டர் கொடுத்தார். எங்கள் விலை அப்போது சதுர அடி 85 ரூபாய், வரி தனி. 15 சதவீதம் போக அவருக்கு 72.25. அவர் வீட்டுக்காரரிடம் கல்லுக்கு மட்டும் 105 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். அது அவர் லாபம், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்காரரின் மாப்பிள்ளை கல் பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்துப் பட்டறைக்குப் போன் போட்டு விலை கேட்க, போனை எடுத்த எங்கள் பையன் "85 சார், நேரா வந்தா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டான். அவன் மேல் தப்பே இல்லை, யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் அந்த அண்ணன் போனில், "தம்பி, நான் உனக்கு வேலை கொண்டுவந்தேன், நீ என்னைத் திருடனாக்கிட்ட" என்றார். அவர் அதற்கப்புறம் எங்களிடம் ஒரு கல் கூட வாங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு காண்ட்ராக்டர்தான் இதற்கு வழி சொன்னார். கல்லுக்குத் தனி விலை, பதிக்கத் தனிக் கூலி என்று பிரித்துச் சொன்னால்தான் வீட்டுக்காரர் போன் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் எப்போதும் "போட்டு முடித்த விலை"தான் சொல்வாராம்: கல், வண்டி, மணல், சிமென்ட், பதிக்கிற கூலி, உடைகிற கல் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அது நியாயமும்தான், ஏனென்றால் கல்லை இறக்கியதிலிருந்து தரை முடியும்வரை பொறுப்பு அவருடையது. அன்றிலிருந்து காண்ட்ராக்டர் விலை கொடுக்கும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்திலும் ஒன்றை மாற்றினேன். "நேரா வந்தா குறைச்சுக்கலாம்" என்ற பேச்சையே நிறுத்திவிட்டோம். யார் கேட்டாலும் பட்டியல் விலைதான். பட்டறையிலேயே விலையை இறக்கிவிட்டு, காண்ட்ராக்டரிடம் உனக்குத் தனி விலை என்று சொன்னால் அதில் என்ன அர்த்தம்?

இதற்கிடையில் கணக்கை உட்கார்ந்து போட்டேன், அதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். 85 ரூபாய் கல்லுக்குச் சிமென்ட், மணல், ஆக்சைடு வண்ணம், கூலி, உடைகிற கண்ணாடி, பெட்டி எல்லாம் சேர்த்து அடக்கம் 62. லாபம் 23. 15 சதவீதம் என்று வாயால் சொல்ல லேசாக இருக்கிறது, ஆனால் அது 12.75 ரூபாய், போவது முழுக்க அந்த 23-லிருந்து. மிச்சம் 10.25. முன்பு 1,000 சதுர அடி விற்று வந்த லாபத்தை எடுக்க இப்போது 2,244 சதுர அடி விற்க வேண்டும். மிஷின் வைத்து டைல்ஸ் அடிக்கிற கம்பெனிக்கு அது முடியலாம். எங்களுடையது கைவேலை. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் குழம்பை ஒவ்வொன்றாக ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமென்ட் மணலைத் தூவி, அப்புறம் கலவையைப் போட்டு அழுத்தி, காயவைத்துத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். தொட்டி எத்தனை இருக்கிறதோ அவ்வளவுதான் கல். ஆர்டர் இரண்டு மடங்கானால் எனக்கு லாபம் கூடாது, தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எதற்குத் தள்ளுபடி கொடுக்கலாம்? எனக்கு உண்மையிலேயே செலவு குறைகிற இடத்தில். ஒரே டிசைன், ஒரே வண்ணத்தில் 500 சதுர அடிக்கு மேல் போனால் அச்சு மாற்றுவது இல்லை, வண்ணத்தை ஒரே தடவையில் கலக்கிவிடலாம், நிறம் முன்னே பின்னே ஆகி ஒதுக்குகிற கல்லும் குறையும். எங்கள் பட்டறையில் சதுர அடிக்கு மூன்று ரூபாய் போல மிச்சமாகிறது. அதோடு முன்பணம் வந்தால் கடனுக்குச் சிமென்ட் வாங்க வேண்டாம். அதனால் 10 சதவீதம், அதாவது 8.50 ரூபாய், தாங்கும். அதற்கு மேல் யார் கேட்டாலும் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தடவை இரண்டு தனித்தனிக் கடிதம். காண்ட்ராக்டருக்கு எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"அண்ணே, வணக்கம். ஒரே டிசைனில் 500 சதுர அடிக்கு மேல் எடுத்தால் பட்டியல் விலையில் 10 சதவீதம் குறைத்து உங்கள் பெயரிலேயே பில் போடுகிறோம். ஆர்டருக்குப் பாதிப் பணம், வண்டி ஏறும் முன் மீதி. எங்கள் ஆள் ஒருவர் முதல் நாள் வந்து உங்கள் கொத்தனாருக்குப் பதிக்கிற முறையைக் காட்டுவார், அதற்குக் காசு இல்லை. கல்லை ஆசிட் போட்டுக் கழுவினால் எங்கள் பொறுப்பு இல்லை."

அந்தக் கடைசி வரியைச் சிலர் ஏன் என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போகட்டும் என்று, வழக்கமான டைல்ஸுக்குச் செய்கிற மாதிரியே ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். எங்கள் கல்லின் மேல்பக்கமே சிமென்ட்தான், ஆசிட் அதை அரித்துவிடும். நான் போய்ப் பார்த்தபோது சிவப்புப் பூ எல்லாம் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்து, கையை வைத்தால் சொரசொரவென்று இருந்தது. காண்ட்ராக்டர் "கல் தரமில்லை" என்று சொல்லி வீட்டுக்காரரிடம் தப்பித்துக்கொண்டார். பரிந்துரை செய்தவரே கல்லைக் கெடுத்துவிட்டு நம் பெயரைச் சொன்னால் தள்ளுபடி கொடுத்து என்ன பிரயோசனம்? அதனால்தான் முதல் நாள் எங்கள் ஆள் போவதைக் கட்டாயமாக்கினேன்.

கடன் விஷயத்தில் முன்பு 30 நாள் தவணை கொடுத்திருந்தேன். முப்பது நாள் என்றால் "வீட்டுக்காரர் இன்னும் தரலை தம்பி" என்று நான்கு மாதம் ஆனது. இப்போது தள்ளுபடி வேண்டுமா, தவணை வேண்டுமா, ஏதாவது ஒன்று. இரண்டும் சேர்ந்து கிடையாது. கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு, அவர்கள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆர்க்கிடெக்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் சதவீதமே முதல் பத்தியில் வராது. வண்ணம் வண்ணமாக ஆறு கல் பதித்த ஒரு மாதிரிப் பலகை, அவர்கள் வரைந்த டிசைனுக்கு அச்சு செய்ய எத்தனை நாள் ஆகும், எவ்வளவு கனம், கீழே எவ்வளவு கலவைக்கு இடம் விட வேண்டும், இவைதான் முதலில். கடைசியில் ஒரு வரி: உங்கள் வீட்டுக்காரரின் பெயர், ஊர், சதுர அடி மூன்றையும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 5 சதவீதம் அவர் பில்லிலேயே கழியும், 90 நாள் வரை செல்லும். இந்த முன்கூட்டியே என்பது முக்கியம். முன்பு வீட்டுக்காரரே நேராக வந்து வாங்கிப் போன பிறகு, "அது நான் சொன்ன பார்ட்டி" என்று இரண்டு பேர் ஒரே வீட்டுக்கு உரிமை கொண்டாடியிருக்கிறார்கள்.

பில்லில் கழிப்பதற்கு வரிக் காரணமும் உண்டு. பில்லிலேயே தள்ளுபடியைக் காட்டினால் ஜி.எஸ்.டி. குறைந்த தொகைக்குத்தான். முழு விலைக்குப் பில் போட்டு, பிறகு கவரில் ரொக்கம் கொடுத்தால், கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டியிருப்பேன், கணக்கில் அந்த ரொக்கத்தை எங்கே எழுதுவது என்று ஆடிட்டர் முன்னால் முழிக்கவும் வேண்டும்.

இப்போது தொடர்ந்து எடுக்கிற காண்ட்ராக்டர்கள் ஏழு பேர், ஆர்க்கிடெக்டுகள் நான்கு பேர். நாற்பதுக்கு இது குறைவுதான். முதலில் கூப்பிட்ட அந்த மேடம் இந்த நான்கில் ஒருவர். அவர் அந்த 5 சதவீதத்தைக் கூட ஒரு வீட்டுக்கும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆர்டரிலும், அதே கலவையில் போட்ட கல் முப்பது கூடுதலாக அனுப்பச் சொல்வார், பின்னால் ஏதாவது உடைந்தால் மாற்றுவதற்கு வீட்டுக்காரர் பரணில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று. 10 அங்குலக் கல் முப்பது என்றால் ஏறக்குறைய 21 சதுர அடி, அடக்கம் 1,300 ரூபாய். அதற்கு நான் பில் போடுவதில்லை.