இருபது ஸ்லைடும் ஒரு பாட்டிலும்

அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வைத்திருக்கும் எங்கள் பெரியப்பாவை ஒரு பயிர் டானிக் கம்பெனிக்காரர் பிடித்துவிட்டார். டெபாசிட் கட்டினால் டீலர்ஷிப்பாம். வாட்ஸ்அப்பில் 20 ஸ்லைடு வந்தது. பெரியப்பா கட்டியே தீருவேன் என்கிறார், அண்ணன் கூடவே கூடாது என்கிறான். கடைசியில் ஸ்லைடு என் தலையில் விழுந்தது. "ஏல, நீதான கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டுத. இது நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லு."

ஸ்லைடைப் பார்த்து நிஜமா பொய்யா என்று சொல்ல முடியாது. சொன்ன பேச்சுக்கு அந்த ஸ்லைடுகளுக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லலாம். அதற்கு ஒரு அட்டவணை போட்டேன். ஸ்லைடு எண், அவர்கள் சொன்னது, அதற்கு ஆதாரம் எந்த ஸ்லைடில், அது தாங்குகிறதா என்று நாலு கட்டம். சொன்னதை அச்சு அசலாக அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். நாம் சுருக்கினால் நம் ஆசையோ எரிச்சலோ அதில் கலந்துவிடும்.

ஐந்தாவது ஸ்லைடில் கொட்டை எழுத்தில் 'விளைச்சல் இரு மடங்கு!' என்று போட்டு, கீழே இரண்டு பச்சைத் தூண். இரண்டாவது தூண் முதல் தூணைவிட இரண்டரை மடங்கு உயரம். "பாத்தியா?" என்றார் பெரியப்பா. தூண் மேலே இருந்த எண்களைப் பார்த்தேன். ஏக்கருக்கு 28 மூட்டை, 31 மூட்டை. ஓரத்து அளவுகோல் 0-வில் தொடங்காமல் 26-இல் தொடங்கியிருந்தது. 26-க்கு மேலே ஒன்று 2, இன்னொன்று 5. அதனால்தான் தூண் அப்படி வளர்ந்திருக்கிறது. கூடியது 3 மூட்டை, நூற்றுக்குப் பதினொன்று கூட இல்லை.

அந்த 3 மூட்டையையாவது டானிக் கணக்கில் எழுதலாமா என்றால், பெரிதாக்கிப் பார்த்தபோது தூண்களுக்கு அடியில் எறும்பு எழுத்தில் 'கார்', 'பிசானம்' என்று இருந்தது. கம்பெனிக்காரருக்கு அது வெறும் பெயர். எங்கள் பக்கம் அவை நெல்லின் இரண்டு பருவம். காருக்குக் குறுகிய நாள் ரகம் போடுவார்கள், பிசானத்துக்கு வயது கூடின ரகம். மழையும் வேறு, வெயிலும் வேறு. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கார எதுக்குலே பிசானத்தோட கட்டுதான்?" என்றார். அந்த வரிசையில் நான் எழுத இருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

'அரசு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, விளைச்சலைக் கூட்டுவது நிரூபிக்கப்பட்டது' என்று ஒன்பதாவது ஸ்லைடு. ஒரே வாக்கியம், ஆனால் இரண்டு பேச்சு. இதை உடைத்து இரண்டு வரிசையாக எழுதாவிட்டால் முன்பாதியின் சான்றிதழில் பின்பாதியும் ஓசியில் பயணம் செய்யும். பக்கத்தில் இருந்த சான்றிதழ் படத்தில் தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு, கார அமில நிலை இவ்வளவு. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். சோதித்தது: தாங்குகிறது. விளைச்சல் கூட்டுவது: ஆதாரம் இல்லை.

அப்புறம்தான் வேடிக்கை. ஏழாவது ஸ்லைடு 'இனி ரசாயன உரமே தேவையில்லை' என்றது. பதினாலாவது ஸ்லைடில் தெளிக்கும் அட்டவணை: 'யூரியா மேலுரம் இட்ட பின் தெளிக்கவும்.' தனித்தனியாகப் படித்தபோது இருவர் கண்ணிலும் படவில்லை, அடுத்தடுத்த வரிசையில் வந்ததும் அண்ணன் சத்தம் போட்டுச் சிரித்தான்.

முழுசாகத் தேறியது ஒன்றே ஒன்று. 'மூன்று அளவுகளில் கிடைக்கும்.' கால் லிட்டர், அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று மூன்று பாட்டில் படம் இருந்தது. "அப்ப பாட்டில் இருக்கது உறுதி" என்றார் பெரியப்பா.

இதோடு முடிந்திருக்கலாம். அண்ணன், 'ஆதாரம் இல்லை' என்ற இடத்திலெல்லாம் 'பொய்' என்று மாற்றச் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். டானிக் நன்றாக வேலை செய்தாலும் செய்யலாம், இந்த ஸ்லைடுகள் அதைக் காட்டவில்லை என்பதுதான் அட்டவணைக்குத் தெரியும். "அப்ப நீ யாரு பக்கம்லே?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். வீட்டில் அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது மட்டும்தான்.

கம்பெனிக்காரருக்குப் பெரியப்பாவே போன் போட்டார். ஒரே வயலில், ஒரே பருவத்தில், பாதிக்குத் தெளித்து பாதிக்குத் தெளிக்காமல் அறுத்த கணக்கு இருக்கிறதா என்று கேட்டார். "ஸ்லைடு டிசைன் பண்ணின பையன்கிட்ட கேக்கணும் சார்" என்று பதில் வந்தது. பையனுக்கு எப்படி அறுவடைக் கணக்கு தெரியும் என்று பெரியப்பா கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

வருகிற பிசானத்தில் தன் வயலிலேயே பாதிக்குத் தெளித்துப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அடுக்களையிலிருந்து பெரியம்மா, "அந்தப் பாட்டிலுக்குத் துட்டு யாரு குடுக்கா?" என்றாள். அதற்கு ஒரு கட்டமும் நான் போட்டிருக்கவில்லை.