பனியில் நின்ற காட்டுமாடும் இ.எல்.ஏ. வெளிச்சமும்

ஜனவரி 6

ஏற்காடு மலைப்பாதையில் காட்டுமாடு நிற்கும் படம் ஒன்று காலையிலிருந்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவு, சுற்றிலும் அடர்ந்த பனி, நடுவில் ஒற்றை மாடு, பக்கத்தில் கறுப்பு வெள்ளை பெயிண்ட் அடித்த தடுப்புக் கற்கள். மதியத்துக்குள் யாரோ அதை இ.எல்.ஏ. என்ற கணினிச் சோதனை செய்து, மாடு மட்டும் பளிச்சென்று தெரியும் கறுப்புப் படத்தைப் போட்டு "ஒட்டு வேலை, ஆதாரம் பாருங்க" என்று எழுதிவிட்டார். படம் எடுத்தது எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற தம்பி, நம்ம ஸ்டுடியோவுக்கு அடிக்கடி வருகிறவன்தான். சாயங்காலம் போன் பண்ணினான். "என்னங்கண்ணா, நான் எடுத்த படத்தையே பொய்ங்கறாங்க."

ஒரிஜினல் ஃபைலைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, டாக்குமென்ட்டாக அனுப்பு என்று சொன்னேன். காரணம் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 7

முதலில் இந்த வேலை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இ.எல்.ஏ. என்றால் எரர் லெவல் அனாலிசிஸ், அதாவது பிழை அளவு ஆய்வு. 2007-ல் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் நீல் கிராவெட்ஸ் என்ற ஆய்வாளர் இதை விளக்கிய பிறகுதான் பரவலானது. செய்முறை எளிது. கையில் இருக்கும் ஜேபெக் படத்தை நூற்றுக்கு 95 தரத்தில் மறுபடி சேமித்து, பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெருக்க வேண்டும். என் கணினியில் இமேஜ்மேஜிக் என்ற படம் திருத்தும் மென்பொருள் இருக்கிறது, இரண்டே வரி:

```
convert padam.jpg -quality 95 meel.jpg
convert padam.jpg meel.jpg -compose difference -composite -evaluate multiply 20 ela.png
```

ஆக, வெளிச்சமாகத் தெரிகிற இடம் என்றால் மறுபடி சேமித்தபோது அதிகம் மாறிய இடம், அவ்வளவுதான். "திருத்திய இடம்" என்று அது எங்கேயும் சொல்வதில்லை.

ஏன் ஒரு இடம் அதிகம் மாறுகிறது? ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம், மற்றவை கட்டத்துக்குள் வெளிச்சம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பது. பிறகு ஒவ்வொரு எண்ணையும் ஒரு அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறது, பிழை வருவது இந்த இடத்தில்தான். பனியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்துக்குள் ஏற்ற இறக்கமே கிடையாது, 64-ல் ஏறக்குறைய எல்லாமே பூஜ்யம், பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்தான், அதனால் பிழையும் இல்லை, இ.எல்.ஏ.வில் கறுப்பு. மாட்டின் விளிம்பிலோ, முழங்காலுக்குக் கீழே இருக்கிற வெள்ளைக்கும் மேலே இருக்கிற கறுப்புக்கும் நடுவிலோ உள்ள கட்டத்தில் நிறைய எண்கள் பூஜ்யம் இல்லாமல் நிற்கும், அத்தனையும் வகுபட்டு மாறும். ஆகவே பளிச்.

பனிக்கு நடுவே எது நின்றாலும், மாடோ மரமோ பஸ்ஸோ, வெளிச்சமாகத்தான் வரும். சேர்வராயன் மலையில் மார்கழிக் காலையில் எடுத்த எந்தப் படத்தையும் இந்த முறையில் "பொய்" ஆக்கிவிடலாம்.

ஜனவரி 8

ஒரிஜினல் வந்தது. அதில் இ.எல்.ஏ. போட்டுப் பார்த்தேன். கிராவெட்ஸ் நடத்தும் ஃபோட்டோஃபாரன்சிக்ஸ் தளத்தின் வழிகாட்டியே சொல்வது இதுதான்: விளிம்பை விளிம்போடு ஒப்பிடு, சொரசொரப்பை அதே மாதிரி சொரசொரப்போடு, சமதளத்தைச் சமதளத்தோடு. மாட்டைப் பனியோடு ஒப்பிட்டதுதான் குழுவில் நடந்த தப்பு. மாட்டின் வெள்ளைக் காலை ஒப்பிட வேண்டியது தடுப்புக் கல்லின் கறுப்பு வெள்ளைக் கோட்டோடு. இரண்டும் ஒரே அளவு பளிச்சென்று இருக்கின்றன. மாட்டின் முதுகு ரோமமும் ஓரத்துப் புல்லும் ஏறக்குறைய ஒரே மங்கலில் இருக்கின்றன. முரண் என்று காட்ட ஒன்றும் இல்லை.

இதே தவறு பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது தொடர்பாக ரஷ்ய பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட செயற்கைக்கோள் படங்களை 2015-ல் பெல்லிங்கேட் என்ற புலனாய்வுக் குழு இ.எல்.ஏ. செய்து, மேகங்கள் பின்னால் சேர்த்தவை என்றது. மேகம் வழவழப்பு, தரை சொரசொரப்பு, அளவு வேறாக வருவதில் என்ன ஆச்சரியம்? இது சரியான பயன்பாடு இல்லை என்று கிராவெட்ஸே சொன்னார். அந்தப் படங்களைச் சந்தேகிக்க வேறு காரணங்கள் இருக்கலாம், அது வேறு கதை.

ஜனவரி 10

இன்று எதிர்ப்பக்கத்தைச் சோதித்தேன். ஒரிஜினலில் நானே இன்னொரு மாட்டை ஒட்டினேன், பலமுறை சுருங்கி வந்த ஒரு பழைய ஃபார்வர்டு படத்திலிருந்து வெட்டி. 98 தரத்தில் சேமித்து இ.எல்.ஏ. போட்டால், நிஜ மாடு பளிச், ஒட்டின மாடு மங்கல்! பழைய படத்தின் நுணுக்கமெல்லாம் முன்பே தொலைந்துவிட்டதால் மறுபடி மாறுவதற்கு அதில் அதிகம் மிச்சமில்லை. வெளிச்சம் என்றால் பொய் என்ற கணக்குப்படி பார்த்தால் நிஜ மாட்டைத்தான் பிடிப்போம். இதையே 95-ல் சேமித்து 95-ல் சோதித்தேன், படம் முழுக்கக் கிட்டத்தட்ட கறுப்பு. அதே அட்டவணையில் ஏற்கெனவே முழு எண்ணாகிவிட்டது, இரண்டாம் தடவை வகுத்தாலும் அதே எண்தான். படம் கறுப்பாக வந்தால் சுத்தம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 11

இப்போது வாட்ஸ்அப். அது படத்தைச் சின்னதாக்கி, தன் தரத்தில் புதிதாகச் சேமிக்கிறது. சின்னதாக்கும்போது பழைய 8-க்கு 8 கட்டங்கள் கலைந்துவிடும், ஒட்டினதும் ஒட்டாததும் ஒரே நாளில் பிறந்த மாதிரி ஆகிவிடும். அதோடு, தரம் குறைந்த படத்தை 95-ல் சோதித்தால் பிழையே அதிகம் வராது. ஜேபெக் தரநிலையில் உதாரணமாகத் தந்திருக்கும் அட்டவணையில் முதல் எண் 16. பரவலாகப் பயன்படும் லிப்ஜேபெக் மென்பொருளின் கணக்கில் அது 75 தரத்தில் 8 ஆகும், 95-ல் 2 ஆகும். படத்தைத் திறக்கும்போது வகுத்த எண்ணாலேயே பெருக்குவதால் 75-ல் சேமித்தது எட்டின் மடங்காகத்தான் வரும். எட்டின் மடங்கு எல்லாமே இரண்டின் மடங்கு, ஆகவே மாற்றம் பூஜ்யம். மூலையில் இருக்கும் 61 என்ற எண் 75-ல் 31 ஆகும், 95-ல் 6 ஆகும். 31 என்பது 30 ஆக மாறும், ஒன்றே ஒன்று வித்தியாசம். (போன் கேமராக்கள் சொந்த அட்டவணை வைத்திருக்கும், எண்கள் மாறலாம்.)

நேற்று ஒட்டின படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்ததில் இ.எல்.ஏ. போட்டேன். இரண்டு மாட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பு என்று தம்பியிடம் சொன்னது இதற்குத்தான். ஃபார்வர்டு படத்தில் இ.எல்.ஏ. போட்டு நிஜம் என்றோ பொய் என்றோ சொல்வது, இரண்டுமே வீண்.

ஜனவரி 12

குழுவில் ஒருவர் விடவில்லை. பனிக்குள் ஒரு காரின் சிவப்பு டெயில் லைட் மாட்டை விடப் பளிச்சென்று இருக்கிறதே, அதுவும் ஒட்டா என்றார். நல்ல கேள்விதான். ஜேபெக் நிறத் தகவலை வெளிச்சத் தகவலை விடக் கரடுமுரடாக வகுக்கும், பெரும்பாலும் நிறத்தைப் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும்தான் வைத்துக்கொள்ளும். அதனால் அடர் சிவப்பு, அடர் நீலத்தின் ஓரங்களில் பிழை கூடும். கடைப் பலகை, அரசு பஸ், டெயில் லைட் எல்லாம் இப்படித்தான் மின்னும்.

தம்பியிடம் இன்னும் நாலைந்து படங்கள் இருந்தன, அடுத்தடுத்து எடுத்தவை. மாடு தலையைத் திருப்புகிறது, பனி நகர்கிறது, ஒன்றில் பாதி மறைந்தே போகிறது. அவற்றைக் குழுவில் போட்டதும் பேச்சு அடங்கியது. ஃபார்வர்டு படத்தில் நிஜமாகவே பின்னால் சேர்த்தது ஒன்று உண்டு, மூலையில் யாரோ மஞ்சள் எழுத்தில் போட்ட தங்கள் குழுவின் பெயர். இ.எல்.ஏ.வில் அதுவும் மின்னுகிறது, தடுப்புக் கல் எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவு.