ஒரு பில் குறைகிறது

ஓட்டல்களுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் ஓர் இடத்தில் சில வருடங்கள் டெஸ்டராக இருந்தேன். காலையில் வந்ததும் முதல் வேலை, சப்போர்ட்டிலிருந்து வந்த பக் டிக்கெட்டுகளைப் படித்து, டெவலப்பர் கைக்குப் போகிற அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பது. என்ன செய்தால் பிரச்சினை வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, இந்த மூன்றையும்தான் தேடுவேன்.

2022 ஆகஸ்ட்டில் வந்த ஒரு டிக்கெட் நன்றாக நினைவிருக்கிறது. மதுரையில் இரவு இரண்டு மணி வரை ஓடும் ஒரு பரோட்டா கடையிலிருந்து வந்தது. செய்த படிகள்: தினசரி விற்பனை அறிக்கையைத் திறக்கவும். எதிர்பார்த்தது: சரியான கணக்கு வர வேண்டும். வந்தது: ஒரு பில் குறைகிறது. மூன்று கட்டமும் நிரம்பியிருந்ததால் நானும் அப்படியே அனுப்பிவிட்டேன். டெவலப்பர் பகல் பதினோரு மணிக்கு ஐந்து பில் போட்டுப் பார்த்தார், ஐந்தும் அறிக்கையில் வந்தன, `Cannot Reproduce` என்று மூடிவிட்டார். இரண்டு நாளில் கடைக்காரர் கோபத்தோடு டிக்கெட் திரும்பி வந்தது.

இந்த முறை அந்தக் கடையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள் போல, டிக்கெட்டில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு டெஸ்ட் கணினியில் செய்து பார்த்தேன். எங்கெல்லாம் நானாக ஒன்றை ஊகிக்க வேண்டியிருந்ததோ அதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். அறிக்கையைத் திறந்தவுடனே தேதி கேட்கிறது, எந்தத் தேதி? சரி, இன்றைய தேதி என்று போட்டால், அதில் வர வேண்டிய பில்களை யார், எத்தனை மணிக்குப் போட்டார்கள்? அறிக்கையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வியாபாரம் நடந்திருக்கிறது, படிகளோ கடைசியிலிருந்துதான் தொடங்குகின்றன. 'சரியான கணக்கு' என்றால் எதோடு ஒப்பிட்டுச் சரி? 'ஒரு பில் குறைகிறது' என்பது திரையில் தெரிந்ததா, அல்லது யாரோ கழித்துப் பார்த்துச் சொன்னதா?

'கூடுதல் விவரம் தேவை' என்று எழுதினால் 'அதே பிரச்சினைதான், அவசரம்' என்றுதான் பதில் வரும், பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் போனிலேயே கேட்டு ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய நான்கு கேள்விகளாக எழுதினேன்: அறிக்கையின் தேதி, கையில் இருக்கும் பில் எத்தனை, அறிக்கை காட்டுவது எத்தனை, இல்லாத பில்லின் எண்ணும் அதில் அச்சாகியிருக்கும் நேரமும். சப்போர்ட்டில் இருந்த தம்பி கணக்கரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வைத்துவிட்டு மாலையில் கூப்பிட்டான். "அக்கா, ஒண்ணு இல்ல, ஒண்ணாந்தேதி பில் நாலு காணோம். ஆனா ரெண்டாந்தேதி பில் மூணு உள்ள வந்திருக்கு." கையில் 212, அறிக்கையில் 211. நான்கு போய் மூன்று வந்ததைத்தான் 'ஒன்று குறைகிறது' என்று சுருக்கியிருக்கிறார்கள். மூன்று போய் மூன்றே வந்திருந்தால் எண்ணிக்கை சரியாக இருந்திருக்கும், இப்படி ஒரு டிக்கெட்டே வந்திருக்காது என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அச்சான நேரங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஏழு பில்களும் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பிறகு போட்டவை. சர்வர் நேரத்தை யூ.டி.சி.யில் சேமிக்கிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகஸ்ட் 1 இரவு 12.40க்குப் போட்ட பில் சர்வரில் ஜூலை 31, 19:10 என்று உட்கார்ந்திருக்கும். அறிக்கை தேடியதோ இப்படி:

```sql
WHERE created_at >= '2022-08-01 00:00:00'
  AND created_at <  '2022-08-02 00:00:00'
```

நம் ஆகஸ்ட் 1 அங்கே ஜூலை 31, 18:30க்கே தொடங்கிவிடுகிறது. பகல் பதினோரு மணிக்கு எத்தனை பில் போட்டாலும் இது தெரியாது. படிகளைத் திருத்தி எழுதினேன்: ஒரே தேதியில் அதிகாலை 12.40, 5.20, 5.40 என்று மூன்று பில் போடவும், அந்தத் தேதிக்கு அறிக்கை எடுக்கவும். 5.40 பில் மட்டும் வந்தது. டெவலப்பருக்கு அதற்கு மேல் என்னிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை.

ஆனால் 'எதிர்பார்த்தது' கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. கணக்கருக்கு பில்லில் அச்சான தேதியே கணக்கு, ஜி.எஸ்.டி.யில் அந்த நாலு பில்லும் ஆகஸ்ட்டில் வர வேண்டும், ஜூலையில் அல்ல. உரிமையாளரிடம் கேட்டால், இரவு இரண்டு மணிக்குக் கல்லாவை எண்ணி முடிப்பதுவரை அவருக்கு முந்தைய நாள்தான், அவர் கணக்குப்படி அந்த பில்கள் முந்தைய நாளில் விழுவதே சரி. அச்சான தேதியை எதிர்பார்த்ததாக எழுதி பக்கை அனுப்பினேன், கல்லா மூடும் நேரத்தை வைத்து நாளைப் பிரிக்கும் அறிக்கைக்குத் தனியாக ஒரு டிக்கெட் போட்டேன். அதில் 'வந்தது' என்ற கட்டம் தேவைப்படவில்லை, அப்படி ஒரு வசதியே அப்போது எங்கள் மென்பொருளில் கிடையாது.