எண்ணெய் போனால்தான் நாற்றம் போகும்: ஒரு பாலியஸ்டர் ஜெர்ஸியைத் துவைத்த கதை

துவைத்து, வெயிலில் காய்ந்து, மடித்து வைத்த ஜெர்ஸியை முகர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு ஷட்டில் கோர்ட்டில் இறங்கி வார்ம்-அப் முடிப்பதற்குள் அக்குளிலிருந்து பழைய வேர்வை நாற்றம் கிளம்பும். இன்னும் ஒழுங்காக வேர்க்கவே ஆரம்பித்திருக்காது. என்னிடம் இருந்த கருநீல ஜெர்ஸி ஒன்று இப்படித்தான் படுத்தியது. நூறு சதவீதம் பாலியஸ்டர், கிழிசல் இல்லை, நிறம் மங்கவில்லை, ஆனால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. அதே மிஷினில், அதே சோப்புத் தூளில் துவைத்த பருத்தி பனியன்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

புதிதாகச் சுரக்கும் வேர்வைக்குப் பெரிதாக வாசனை இல்லை. தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள பொருள்களைத் தின்று, ஆவியாகக்கூடிய கொழுப்பு அமிலங்களாக மாற்றும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 26 பேரை உடற்பயிற்சி சைக்கிள் ஓட்டச் சொல்லி, அவர்கள் போட்டிருந்த சட்டைகளை 28 மணி நேரம் வைத்திருந்து, பிறகு முகர்ந்து பார்க்க ஆள்களை வைத்தார்கள். பாலியஸ்டர் சட்டைகள்தான் மோசமாக நாறின. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாகப் பெருகியிருந்தது, பருத்தியில் அப்படி இல்லை.

ஆனால் கிருமி மட்டும் காரணம் என்றால் ஒரு முறை நன்றாகத் துவைத்ததும் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் இழையில் இருக்கிறது. பருத்தி, காற்றில் உள்ள ஈரத்தையே தன் எடையில் சுமார் எட்டு சதவீதம் வரை பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. தண்ணீரைச் சேர்க்காத அதே இழை, எண்ணெயை மட்டும் விடாமல் ஒட்டிக்கொள்கிறது. நம் தோல் நாள் முழுக்க எண்ணெய் சுரக்கிறது. அந்த எண்ணெய் இழைகளின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது, நாற்ற அமிலங்கள் அதற்குள் கரைந்து உட்கார்ந்துகொள்கின்றன. பச்சைத் தண்ணீரும் அரை மணி நேர ஓட்டமும் அந்தப் படலத்தை அசைப்பதே இல்லை. துணி காய்ந்து குளிர்ந்திருக்கும்போது நாற்றம் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். உடல் சூடும் ஈரமும் பட்டதும் ஆவியாகி வெளியே வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு படலம் கூடுகிறது என்பதால் புது ஜெர்ஸி நாறாது, பழையது நாறும்.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன் எல்லோரும் செய்வதை நானும் செய்து பார்த்தேன். வாசனையான ஃபேப்ரிக் கண்டிஷனர் இரண்டு நாள் மணந்தது, அப்புறம் நிலைமை முன்பைவிட மோசம். அது துணியின் மேல் தானும் ஒரு வழவழப்பான பூச்சைப் போடுகிறது. பழைய எண்ணெய்க்கு மேல் புதுப் பூச்சு, வேர்வையை உறிஞ்சி விரிக்கும் தன்மையும் போய்விடும். கிருமிநாசினித் திரவம் கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் கிருமிகள் குறையும், அவற்றின் தீனியான எண்ணெய் அப்படியே இருக்கும். அடுத்த ஆட்டத்தில் தோலிலிருந்து புதுக் கூட்டம் குடியேறிவிடும்.

வினிகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கே கேட்டாலும் முதலில் வரும் யோசனை அதுதான். நாறுவதே அமிலம். அமிலத்தைக் கரைத்து வெளியேற்ற வேண்டுமென்றால் காரம் வேண்டும். காரத்தில் கொழுப்பு அமிலம் உப்பாக மாறித் தண்ணீரில் கரையும், ஆவியாகாது. வினிகரில் அது அமிலமாகவே நிற்கும். தண்ணீரின் உப்புப் படிவை வினிகர் கொஞ்சம் எடுக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷமான குளோரின் வாயு வரும்.

வழி காட்டியது என் பெரியப்பா மகன். திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறார். "தம்பி, நாங்க பாலியஸ்டர் துணிய சாயத்துல போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவோம்னு நெனைக்கற? மொதல்ல எண்ணெய எடுப்போம். பின்னல் மிஷின் எண்ணெய் துணியில இருந்தா சாயம் திட்டுத் திட்டாப் புடிக்கும். சுடுதண்ணி, காரம், சோப்பு. அப்பறந்தான் மத்ததெல்லாம்." நிறம் போய்விடாதா என்று கேட்டேன். பாலியஸ்டருக்கு 130 டிகிரியில், அழுத்தத்தில் சாயம் ஏற்றுகிறார்கள், அந்தச் சூட்டில் இழை இளகி சாயம் உள்ளே போய்விடுகிறது, வீட்டு வாளிச் சூட்டுக்கெல்லாம் வெளியே வராது என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று, படலம் இருக்கிறதா என்று பார்க்கும் வழி. துவைத்துக் காய்ந்த ஜெர்ஸியின் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும், அக்குளில் ஒரு சொட்டு. முதுகில் விட்டது உடனே பரவி மறைந்தது. அக்குளில் விட்டது முத்தாக நின்றது, சாய்த்தால் உருண்டது. இரண்டு இடமும் ஒரே துணி, ஒரே மிஷினில் ஒன்றாகத் துவைத்தது.

எங்கள் வீடு கோயம்புத்தூரில். மிஷினுக்கு வருவது போர் தண்ணீர், கடும் உப்பு. பார் சோப்பு இந்தத் தண்ணீரில் நுரைக்காது, கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரியும். பாத்ரூம் பக்கெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அதே பிசுக்கு துணியிலும் படிகிறது, அதுவும் கொழுப்புதான். அதனால் ஊற வைக்கும் வேலைக்கு மட்டும் சிறுவாணித் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். ஒரு வாளிக்குத்தானே, வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வேலை எண்ணெய். ஜெர்ஸியை உள்பக்கம் வெளியே திருப்பி, நனைக்காமல், காய்ந்த துணியிலேயே அக்குளிலும் கழுத்திலும் லிக்விட் டிடர்ஜென்டை நேரடியாகத் தடவினேன். நனைத்தால் சோப்பு நீர்த்துப்போகும், காய்ந்த துணியில் எண்ணெயின் மேலேயே போய் உட்காரும். விரலால் மெதுவாகத் தேய்த்து இருபது நிமிடம் விட்டேன். பிரஷ் வேண்டாம், பின்னல் துணி பஞ்சு பஞ்சாக எழும்பிவிடும். டிடர்ஜென்ட் வாங்கும்போது பின்னட்டையில் என்சைம் இருக்கிறதா, குறிப்பாக லிப்பேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கொழுப்பை உடைப்பது அதுதான். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினேன்.

அடுத்தது ஊறல். இதற்கு சோடியம் பெர்கார்பனேட் வேண்டும். வெள்ளைக் குருணையாக இருக்கும், ஆக்சிஜன் பிளீச் என்ற பெயரிலும் ஆன்லைனில் கிடைக்கும். தண்ணீரில் போட்டதும் சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். காரமும் ஆக்சிஜனும் ஒரே பொடியில் வருகிறது என்பதுதான் இதன் வசதி. பச்சைத் தண்ணீரில் இது சோம்பேறி, 40 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். வெப்பமானி இல்லாவிட்டால், ஒரு பங்கு கொதிக்கும் தண்ணீருக்கு மூன்று பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் கிட்டத்தட்ட 45 டிகிரி வரும். ஐந்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடியைப் போட்டு, முழுக்கக் கரைந்ததும் ஜெர்ஸியை அமுக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தேன். சிறு குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர் பழுப்பாகியிருந்தது. "துவைச்ச துணியிலயா இவ்ளோ அழுக்கு?" என்று அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வரிசை முக்கியம். இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் பெராக்சைடு கொஞ்ச நேரத்தில் என்சைமையே தின்றுவிடும். படலம் மேலே இருக்கும்போது ஆக்சிஜன் உள்ளே எட்டுவதும் இல்லை. கலந்த கரைசலை மூடிய பாட்டிலில் எடுத்து வைக்கவும் கூடாது, வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டு, கம்பளி எதையும் இதில் விட வேண்டாம்.

அப்புறம் மிஷினில் 40 டிகிரி, முழு நேர ஓட்டம், கூடுதலாக ஒரு அலசல், கண்டிஷனர் கிடையாது. டிரம்மில் பாதிக்கு மேல் திணிக்கவில்லை. குவிக் வாஷ் பக்கமே போகவில்லை.

காய்ந்ததும் முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை, காய்ந்த துணி பொய் சொல்லும். அக்குள் பகுதியில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு, வெயிலில் அரை மணி நேரம் வைத்துத் திறந்து முகர்ந்தேன். லேசாக இன்னும் இருந்தது. முழுச் சுற்றையும் இன்னொரு முறை செய்த பிறகு டப்பாவில் ஈரத் துணி வாசனை மட்டும் வந்தது, அக்குளில் விட்ட சொட்டும் பரவியது.

எல்லாத் துணிக்கும் இது பலிக்கவில்லை. எலாஸ்டேன் கலந்த டைட்ஸ் ஒன்றுக்கு ஊறலை ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டேன். எலாஸ்டேனுக்கு அதிகச் சூடும் ஆகாது, குளோரின் பிளீச் சுத்தமாக ஆகாது, இழுவை போய்த் தொளதொளத்துவிடும். அதில் நாற்றம் குறைந்தது, போகவில்லை. பெயரும் நம்பரும் ஒட்டிய டீம் ஜெர்ஸிகளுக்கும் சூடு கவனம், ஓரம் உரியும். நைலான் துணி என்றால் உள்தையலில் ஒரு மூலையை முதலில் நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துவிடுங்கள், அதன் சாயம் பாலியஸ்டர் சாயம் போல உறுதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது இந்தப் பெரிய சுற்று எப்போதாவதுதான். ஆட்டம் முடிந்ததும் ஜெர்ஸியைப் பையில் சுருட்டி வைக்காமல் குழாயடியில் அலசிப் பிழிந்து, பைக்கின் ஹேண்டிலில் தொங்கவிட்டாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். வேர்வை ஈரத்தோடு பைக்குள் கிடக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் பாக்டீரியா பெருகுகிறது. மழைக்காலத்தில் துணி காய நேரமானால் வேறொரு நாற்றம் வரும், ஈரக் கரித்துணி போல. அதற்குக் காரணம் மொராக்செல்லா என்ற வேறொரு பாக்டீரியா என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது அக்குளில் மட்டும் இல்லாமல் துணி முழுக்க வரும், பருத்தித் துண்டிலும் வரும். அதற்குப் பெர்கார்பனேட் ஊறல் மட்டும் போதும், ஊறியதும் மின்விசிறிக்கு அடியில் போட்டுச் சீக்கிரம் காயவைத்துவிட வேண்டும்.