தட்டில் மிச்சமான ஒரு கண்

இரண்டாம் வகுப்பில் சமமாகப் பங்கிடும் கணக்கைத் தொடங்கும் நாளில் முதலில் ஒரு கதை சொல்வேன். ஐந்து நிமிடக் கதைதான். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு கதையும் பாட்டும் பாடவேளைக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் இந்த ஒரு கதை சரியாக வருவதற்குள் மூன்று வருடம் ஓடிவிட்டது.

முதலில் எழுதியது முயலும் அணிலும் கேரட்டும். முயல் தனியாகத் தின்றது, வயிறு வலித்தது, அணிலுக்குக் கொடுத்தது, வலி போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் கேரட்டைச் சாம்பாரில்தான் பார்த்திருக்கிறார்கள், அது வேறு. நான் பாதிக்கதை தாண்டுவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பகிர்ந்து உண்ண வேண்டும் டீச்சர்!" உடனே மொத்த வகுப்பும் அதையே ராகம் போட்டுச் சொன்னது. அப்புறம் கதையில் என்ன இருக்கிறது? பத்து நிமிடம் கழித்து அந்த முன்வரிசைப் பையனே பக்கத்துப் பிள்ளைக்கு ரப்பர் தரமாட்டேன் என்று தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 'பகிர்' என்பது அவர்களுக்குப் பரீட்சைச் சொல். வீட்டில் 'எனக்கும் குடு', 'பங்கு போடு' என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த வருடம் விலங்குகளை விட்டுவிட்டு மனிதர்களை வைத்து எழுதினேன். ஒரு பையனிடம் நிறைய முறுக்கு, இன்னொருவனிடம் ஒன்றுமில்லை. இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கிறான். நல்ல கதை என்றுதான் நினைத்தேன். 'ஒன்றுமில்லை' என்ற இடம் வந்ததும் நாலைந்து தலைகள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. அங்கே இருந்த ஒரு பெண்பிள்ளை பாவாடை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். எதுவும் கொண்டுவராத பிள்ளை யார் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கதை எழுதும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு மீதிக் கதையை எப்படி முடித்தேன் என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நுங்குக் கதை. பாலாறு காய்ந்து கிடக்கும் வெயிலில் எங்கள் பக்கம் ரோட்டோரம் நுங்கு குவிந்து கிடக்கும். காய்க்குப் பெரும்பாலும் மூன்று கண், சிலதில் இரண்டு. இது எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கதை இதுதான், நான் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்:

"ஆயா ரெண்டு நுங்குக் காய் கொண்டாந்தாங்க. முத்துவும் வள்ளியும் ஓடி வந்தாங்க. ஆயா முதல் காயைச் சீவினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கண்ணு! அடுத்த காயைச் சீவினாங்க. ஒண்ணு, ரெண்டு... அவ்வளவுதான். எல்லாத்தையும் நோண்டி ஒரே தட்டுல போட்டாங்க. வள்ளி பங்கு போட்டா. முத்துவுக்கு ஒண்ணு, வள்ளிக்கு ஒண்ணு. முத்துவுக்கு ஒண்ணு, வள்ளிக்கு ஒண்ணு. தட்டைப் பார்த்தா, இன்னும் ஒரே ஒரு கண்ணு. முத்து வள்ளியைப் பார்த்தான். வள்ளி முத்துவைப் பார்த்தா."

இங்கே நிறுத்திவிட்டு நானும் வாயை மூடிக்கொள்வேன். இந்த நிறுத்தத்தைக் கற்றுக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நீதி சொல்லி முடிக்காவிட்டால் டீச்சருக்கு நாக்கு அரிக்கும்.

ஒரே தட்டு என்பது யோசித்து வைத்தது. முதலில் ஆளுக்கொரு காய் என்று எழுதியிருந்தேன். அப்போது இரண்டு கண் கிடைத்தவன் பாவப்பட்டவன் ஆகிவிட்டான், மூன்று கண் கிடைத்தவள் 'தரணுமா வேண்டாமா' என்று நின்றாள். மறுபடி முறுக்குக் கதைதான். ஒரே தட்டில் போட்டதும் அது இரண்டு பேருக்கும் உரியது ஆகிவிடுகிறது. கொடுக்கலாமா என்ற கேள்வி போய், எப்படிப் பிரிக்கலாம் என்ற கேள்வி வருகிறது. பெயர்களும் அப்படித்தான். வருகைப் பதிவேட்டில் முத்துவோ வள்ளியோ இல்லை என்று பார்த்துத்தான் வைத்தேன். இருந்திருந்தால் ஒரு வாரம் அந்தப் பிள்ளையை 'நுங்கு' என்றே கூப்பிட்டிருப்பார்கள்.

நிறுத்தியதும் பதில்கள் வந்தன. ஆயாவுக்குக் கொடுக்கலாம். கத்தியால் பாதியாக வெட்டலாம். வள்ளிதானே பங்கு போட்டாள், அவளே எடுத்துக்கட்டும். முத்து சின்னவன், அவனுக்குக் கொடுக்கணும் (முத்து சின்னவன் என்று நான் சொல்லவே இல்லை). காக்காக் கடி கடிக்கலாம் என்று ஒருவன் சொல்ல, நுங்கை எப்படிடா துணியில் சுற்றிக் கடிப்பாய் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், எல்லாக் கண்ணையும் பிசைந்து தண்ணியும் சர்க்கரையும் போட்டு ரெண்டு டம்ளரில் ஊற்றிவிடலாம் என்றாள். நான் எதையும் சரி, தப்பு என்று சொல்லவில்லை.

2008இல் நேச்சர் இதழில் சுவிஸ் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மூன்று, நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தனக்கென்றே பார்க்கிறார்கள், ஏழு, எட்டு வயதில் பெரும்பாலோர் சமமாக இருப்பதையே விரும்புகிறார்கள் என்று சொல்கிறது. என் வகுப்பு ஏழு வயது வகுப்பு. அதனால்தான் அந்த ஒற்றைக் கண் அவர்களை இவ்வளவு உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அங்கன்வாடியில் இதே கதையைச் சொன்னால் நுங்கு எங்கே என்றுதான் கேட்பார்கள்.

பிறகுதான் பாடம். இருவர் இருவராக உட்காரவைத்து, ஜோடிக்கு ஆறு புளியங்கொட்டை கொடுத்தேன். கதையில் வந்த 'முத்துவுக்கு ஒண்ணு, வள்ளிக்கு ஒண்ணு' இங்கே கைக்கு வந்துவிடுகிறது. அதற்காகத்தான் கதையில் அதை இரண்டு முறை சொல்வது. ஆனாலும் சிலர் கையால் ஒதுக்கி, குத்துமதிப்பாக இரண்டு குவியல் போட்டார்கள். குவியலைப் பார்த்துச் சமமா இல்லையா என்று சொல்ல முடியாது. இரண்டு பங்கையும் எதிரெதிரே வரிசையாக அடுக்கச் சொன்னதும் எந்த வரிசை நீளுகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ஆறு முடிந்ததும் ஐந்து கொட்டை. இங்கேதான் ஒரு சண்டை. "அவன் மொதல்ல எடுத்தான் டீச்சர், கடைசியும் அவனுக்கே வந்துடுச்சு!" அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மிச்சம் ஒன்று இருந்தால் முதலில் வாங்கியவனிடமே அது போய்ச் சேரும். எண்ணி முடிந்ததும் மிச்சத்தைக் கையில் எடுக்காமல் நடுவில் வைக்கவேண்டும் என்ற விதி அப்படித்தான் எங்கள் வகுப்பில் வந்தது. நானாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கொட்டையையும் பாதியாக வெட்டலாமா என்று ஒருவன் கேட்டான். வெட்டிப் பார் என்றேன். தரையில் வைத்துக் குத்தினான், கல்லால் தட்டினான், அது தெறித்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது. நுங்கை வெட்டலாம், சர்பத்தாகவும் ஆக்கலாம், கொட்டையை வெட்ட முடியாது. மிச்சம் எப்போது மிச்சமாகவே இருக்கும், எப்போது பாதியாகும் என்பதை நான் பின்னம் என்ற பேச்சையே எடுக்காமல் அந்தக் கொட்டை சொல்லிவிட்டது. சொந்த டப்பாவில் இருக்கும் கிரேயானைப் பங்கு போடச் சொல்லி நான் இந்தப் பாடத்தைக் கெடுப்பதில்லை. ஒரு வருடம் கெடுத்தேன். அந்தப் பையன் அப்புறம் ஒரு வாரம் டப்பாவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை, வரிசையில் நிற்கும்போதே சர்பத் யோசனை சொன்ன பெண் ஓடிவந்தாள். "டீச்சர், எங்க ஊட்ல நேத்து ஒத்தக் கண்ணு காய் வந்துச்சு. நாங்க மூணு பேரு!"

அடுத்த கதை கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சரி, யார் சாப்பிட்டீர்கள் என்று ஆவலாகக் கேட்டேன்.

"யாருமில்ல டீச்சர். முத்திப்போச்சு. மாட்டுக்குப் போட்டுட்டாங்க."