ஜெர்மன் வார்த்தைகள்: சுமை முழுதாக ஏறுவது இரண்டு மாதம் கழித்து

நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கிற எங்கள் மார்த்தாண்டம் குழுவில் வார்த்தை அட்டைகளுக்கு வைத்திருக்கும் இடைவெளி 1, 3, 7, 16, 35 நாள். புது வார்த்தையை மறுநாள் கேட்க வேண்டும். சரியாக வந்தால் 3 நாள் கழித்து, பிறகு 7 நாள் கழித்து என்று தள்ளிக்கொண்டே போகலாம். தவறினால், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் திரும்ப 1. அடுத்த தேதியை அட்டையின் மூலையில் பென்சிலால் எழுதி, தேதி வரிசையில் அடுக்கிவைத்தால் போதும்.

பலரும் இடறுவது புது வார்த்தைகளின் எண்ணிக்கையில். தினமும் 12 புது வார்த்தை என்று வையுங்கள். முதல் பத்து நாளில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 24 பழைய அட்டைதான் வரும். "இவ்வளவுதானா?" என்று புதியதை 30 ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் மூன்றாவது கட்டம் தொடங்குவதே 11 நாள் கழித்து, நான்காவது 27 நாள் கழித்து, ஐந்தாவது 62 நாள் கழித்து. அப்போது 12 வார்த்தைக்காரருக்குத் தினம் 60 பழைய அட்டை, தவறியவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 75. அட்டைக்குப் பத்து வினாடி என்றால் 13 நிமிடத்துக்குள் முடியும். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் தக்கலை வருமுன்னே முடித்துவிடலாம். 30 வார்த்தைக்காரருக்கோ 150-க்கு மேல். இரண்டு நைட் டியூட்டி வந்தாலே குவிந்துவிடும்.

அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். தமிழைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொல்லிய பிறகுதான் திருப்ப வேண்டும். திருப்பிப் பார்த்து "ஆமா, தெரியும்" என்பது கணக்கில் வராது. தமிழ்ப் பக்கத்தில் வெறும் 'கட்டு' என்று எழுதினால் எந்தக் கட்டு என்று குழம்பும். 'புண்ணுக்குப் போடும் கட்டு' என்று எழுதுங்கள். ஜெர்மன் பக்கத்தில் 'டெர் ஃபெர்பாண்ட்', கூடவே அதன் பன்மை. வார்த்தையின் பாலைக் காட்ட முன்னால் வரும் டெர், டீ, டாஸ் தவறினால் அந்த அட்டையே தவறு. இதில் இரக்கம் காட்டினால் பரீட்சையில் எழுதும்போது வாக்கியம் முழுக்கப் பிசகும்.

ஜூன் 1-ல் படித்த இந்த வார்த்தை ஜூன் 2, 5 இரண்டிலும் சரியாக வந்து, 12-ல் 'டீ ஃபெர்பாண்ட்' என்று வந்தது என்று வையுங்கள். அன்றே திருத்திச் சொல்லிவிட்டு, ஜூன் 13, 16, 23, ஜூலை 9, ஆகஸ்ட் 13 என்று புதிதாக ஓட்ட வேண்டும். அதே அட்டை நாலைந்து முறை விழுந்தால் குற்றம் இடைவெளியில் இல்லை, அட்டையில்தான். பெரும்பாலும் அதே நாளில் அதைப் போலவே ஒலிக்கும் இன்னொரு வார்த்தையும் சேர்ந்திருக்கும். ஒன்றை இரண்டு வாரத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, மற்றதை ஒரு சிறு வாக்கியத்தோடு எழுதினால் சரியாகும்.

நாலு நாள் விட்டுப்போனால் முதலில் புது வார்த்தைகளை நிறுத்துங்கள். 1, 3 நாள் கட்ட அட்டைகளை முதலில் எடுங்கள், அவைதான் சீக்கிரம் மறக்கும். 35 நாள் அட்டை நாலு நாள் தாமதத்தைத் தாங்கும்; அதைக் கடைசியில் பார்க்கலாம்.